டிடிஎஸ் பிடிக்கவில்லை என்று எங்கள் சங்கத்துக்கு நோட்டீஸ்: என்ன பதில் எழுதுவது?

செயலாளர், 9 ஜூன் 2025

எங்கள் அடுக்குமாடியில் 64 வீடுகள். நான் போன வருடம்தான் செயலாளர் ஆனேன். வருமான வரித் துறையிலிருந்து ஜூன் 4 தேதியிட்டு ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. 2022-23 நிதியாண்டில் ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுத்த பணத்தில் வரி பிடிக்கவில்லை, 201-ஆம் பிரிவின் கீழ் உங்களை ஏன் தவறியவராகக் கருதக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். பதில் தர ஜூன் 20 வரை நேரம்.

பராமரிப்புச் செலவு மொத்தம் 39,85,920 ரூபாய். அதில் பெயிண்டிங் 6,80,000 போக மீதிக்கு 2 சதவீதம், 66,118. பெயிண்டரின் பான் எண் நம்மிடம் இல்லை என்று அந்த 6,80,000-க்கு 20 சதவீதம், 1,36,000. இரண்டும் சேர்த்து 2,02,118. வட்டி தனி.

நான் எழுதி வைத்திருக்கும் பதில் இதுதான்: "நாங்கள் லாப நோக்கமில்லாத சங்கம். உறுப்பினர்களின் பணத்தை உறுப்பினர்களுக்கே செலவழிக்கிறோம். எங்களுக்கு வருமானமே இல்லை. ஆகவே வரி பிடிக்கும் கடமையும் இல்லை." இதை அனுப்பலாமா? இந்த வேலையில் யாருக்கும் சம்பளம் கிடையாது. அந்த ஆண்டுச் செயலாளர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்.

ஐந்தாம் தளம், 9 ஜூன்

தைரியமாக அனுப்புங்கள். சங்கம் என்பது ஏஓபி, அதாவது பல பேர் சேர்ந்த ஒரு குழு. ஏஓபி-யின் வியாபார விற்றுமுதல் முந்தைய ஆண்டில் 1 கோடியைத் தாண்டினால்தான், ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் வரி பிடிக்கச் சொல்லும் 194சி பிரிவு பொருந்தும். உங்கள் வசூல் எவ்வளவு இருக்கும், 40 லட்சமா? அதுவும் வியாபாரம் இல்லை. கேஸ் அங்கேயே முடிந்தது.

மொட்டைமாடி, 9 ஜூன்

வீட்டுக்கு மாதம் 7,500-க்குக் கீழே வாங்கினால் வரி இல்லை என்று படித்தேனே. உங்கள் மெயின்டனன்ஸ் எவ்வளவு?

பழைய கணக்கு, 10 ஜூன்

மொட்டைமாடி சொல்வது ஜிஎஸ்டி. உறுப்பினரிடம் வாங்கும் பணத்துக்கு அது. இங்கே பேச்சு சங்கம் வெளியாளுக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றி. இரண்டையும் கலக்க வேண்டாம்.

செயலாளர் மேடம், அந்தப் பதிலை அனுப்பாதீர்கள். உங்களுக்கு வருமானம் இருக்கிறதா இல்லையா என்று அதிகாரி கேட்கவே இல்லை. நீங்கள் பிடித்திருக்க வேண்டியது செக்யூரிட்டி ஏஜென்சியின் வரி, லிஃப்ட் கம்பெனியின் வரி. அவர்கள் கட்ட வேண்டியதில் ஒரு பகுதியை முன்கூட்டியே பிடித்து அரசுக்குச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை. உங்கள் வருமானத்துக்கு வரி இல்லை என்ற வாதம், அது எவ்வளவு சரியாக இருந்தாலும், இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. அதை முதல் வரியில் எழுதினால், இவர்களுக்கு விஷயமே புரியவில்லை என்று அதிகாரி நினைப்பார்.

ஐந்தாம் தளம் சொன்ன 1 கோடி வரம்பு உண்மைதான். அது எல்லாச் சங்கத்துக்கும் பொருந்தாது. 194சி பிரிவில் யார் யார் வரி பிடிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம் அதில் தனியாக நிற்கிறது. அதற்கு விற்றுமுதல் வரம்பு கிடையாது. கூட்டுறவுச் சங்கத்துக்கும் அப்படியே. இந்தப் பட்டியலில் வேறெங்கும் வராத ஏஓபி-க்குத்தான் 1 கோடி. பீரோவைத் திறந்து பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது?

செயலாளர், 10 ஜூன்

எடுத்துப் பார்த்தேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975.

பழைய கணக்கு, 10 ஜூன்

அப்போது கடமை உண்டு. அதில் வாதாட இடமில்லை. ஆனால் தொகையில் வாதாட நிறைய இடம் இருக்கிறது. நோட்டீஸில் உள்ள 39,85,920 உங்கள் வரவு செலவுக் கணக்கில் இருந்து அப்படியே எடுத்த ஒரு வரி மாதிரி தெரிகிறது. லெட்ஜரைப் பிரித்துப் போடுங்கள்.

பக்கத்துச் சங்கம், 11 ஜூன்

நான் இன்னொரு அடுக்குமாடியில் பொருளாளர். எங்களுடையது 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின் கீழ் பதிவானது, 1975 சட்டத்தில் இல்லை. அப்படியென்றால் நாங்கள் பிடிக்க வேண்டாமா? பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பொதுக்குழுவில் ஒருவர் இதே கேள்வியை இரண்டு வருடமாகக் கேட்கிறார்.

பழைய கணக்கு, 11 ஜூன்

உங்கள் நிலை வேறு. ஏஓபி என்று வாதிட வழி இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டமும் சங்கப் பதிவுச் சட்டத்துக்கு இணையானதுதான் என்று ஓர் அதிகாரி எதிர்வாதம் வைக்கலாம். பிடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்தாதீர்கள். பிடித்துக் கட்டுவதால் சங்கத்துக்குக் கைக்காசு நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஐந்தாம் தளம், 11 ஜூன்

சங்கப் பதிவு விஷயம் எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். 1975 சட்டத்தில் பதிவானவர்கள் யாரும் என் பேச்சைக் கேட்டு இருந்துவிட வேண்டாம்.

செயலாளர், 12 ஜூன்

நேற்று இரவு முழுக்க லெட்ஜரோடு உட்கார்ந்தேன். பழைய பொருளாளரின் மனைவியும் வந்து உதவினார். வவுச்சர்களை ஆள் வாரியாகக் கட்டி வைத்திருந்தது அவர்தானாம், அதனால் வேலை சீக்கிரம் முடிந்தது. 39,85,920 இப்படிப் பிரிகிறது:

செக்யூரிட்டி ஏஜென்சிக்கு மாதம் 92,000, ஜிஎஸ்டி சேர்த்து ஆண்டுக்கு 13,02,720. சுத்தம் செய்யும் ஒப்பந்தக்காரருக்கு மாதம் 45,000, ஆண்டுக்கு 5,40,000. அவர் தனி நபர், ஜிஎஸ்டி இல்லை. லிஃப்ட் பராமரிப்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 60,000, ஜிஎஸ்டி சேர்த்து 2,83,200. பெயிண்டிங் 6,80,000. பொது மின்கட்டணம் 7,26,000. தண்ணீர் லாரி 3,12,000. ஜெனரேட்டர் டீசல் 84,000. பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று சின்னச் சின்ன வேலைகள் 58,000.

மின்கட்டணத்துக்கும் டீசலுக்கும் சேர்த்து 2 சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று இப்போதுதான் புரிந்தது. மனம் கொஞ்சம் லேசானது.

பழைய கணக்கு, 12 ஜூன்

அருமையாகப் பிரித்திருக்கிறீர்கள். இந்தப் பிரிவினைதான் உங்கள் பதிலின் முதுகெலும்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மின்சாரமும் டீசலும் பொருள் வாங்கியது. வேலை ஒப்பந்தம் இல்லை. வெளியே. சின்ன வேலைகளில் ஒரே தடவையில் 30,000-க்கு மேல் யாருக்காவது போயிருக்கிறதா, ஒரே ஆளுக்கு ஆண்டில் 1 லட்சத்துக்கு மேல் போயிருக்கிறதா என்று பாருங்கள். மொத்தமே 58,000 என்பதால் இரண்டாவது சாத்தியமே இல்லை.

தண்ணீர் லாரிதான் கொஞ்சம் சிக்கல். பில்லில் "தண்ணீர், இத்தனை லோடு" என்று இருந்தால் அது விற்பனை. "லாரி வாடகை, இத்தனை நடை" என்று இருந்தால் போக்குவரத்து ஒப்பந்தம் என்று சொல்ல இடம் கொடுக்கிறோம். பில்லைப் பாருங்கள்.

செக்யூரிட்டிக்கும் லிஃப்டுக்கும் ஜிஎஸ்டி பில்லில் தனியாகக் காட்டியிருந்தால் அதைக் கழித்துவிட்டுத்தான் வரி. 2017 ஜூலையில் நேரடி வரிகள் வாரியம் போட்ட 23-ஆம் எண் சுற்றறிக்கை இருக்கிறது, அதைக் குறிப்பிடுங்கள். ஆக செக்யூரிட்டி 11,04,000-க்கு 2 சதவீதம் 22,080. லிஃப்ட் 2,40,000-க்கு 4,800. சுத்தம் செய்பவர் தனி நபர் என்பதால் 1 சதவீதம்தான், 5,400.

பெயிண்டிங்குக்கு ஒரு கேள்வி. பெயிண்ட் யார் வாங்கியது?

செயலாளர், 13 ஜூன்

தண்ணீர் பில் எல்லாவற்றிலும் "குடிநீர் அல்லாத தண்ணீர், 12,000 லிட்டர், லோடு 1" என்றுதான் இருக்கிறது. நடை என்ற சொல் எங்கும் இல்லை.

பெயிண்ட் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. மொத்தம் 6,80,000-ம் பெயிண்டருக்குப் போனது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வங்கிக் கணக்கைப் பார்த்தால் 3,90,000 ரூபாய்க்கான காசோலை பெயிண்ட் கடைக்குப் போயிருக்கிறது. கடை பில் சங்கத்தின் பெயரில். நல்ல பெயிண்ட்தான் அடிக்க வேண்டும் என்று அப்போதைய குழு நேரடியாகவே வாங்கியிருக்கிறது. பெயிண்டருக்குப் போன கூலி 2,90,000 மட்டும். செப்டம்பர் 2022-இல் 90,000, நவம்பரில் 1,20,000, 2023 ஜனவரியில் 80,000.

ஒரே தலைப்பில் எழுதியதால் வந்த வினை. கணக்கு எழுதியவருக்கு அது "பெயிண்டிங் செலவு", அவ்வளவுதான். படித்த அதிகாரிக்கு அது 6,80,000 ரூபாய் ஒப்பந்தம்.

பழைய கணக்கு, 13 ஜூன்

அப்போது 3,90,000 பொருள் வாங்கியது, 194சி-க்கு வெளியே. கடை பில், காசோலை விவரம் இரண்டையும் இணையுங்கள். பெயிண்டரே பெயிண்ட் வாங்கி வந்து மொத்தமாக பில் போட்டிருந்தால் இந்தக் கழிவு கிடைத்திருக்காது.

மீதி 2,90,000-க்கு 1 சதவீதம் என்றால் 2,900. 20 சதவீதம் என்றால் 58,000. அவரிடம் பான் இருக்கிறதா என்று இன்றே போய்க் கேளுங்கள்.

பக்கத்துச் சங்கம், 13 ஜூன்

மேடம், நாங்கள் எதற்கும் கொட்டேஷன் வாங்கும் நாளிலேயே பான் அட்டை நகலையும் வாங்கிவிடுவோம். வேலை முடிந்து பணம் கைக்குப் போன பிறகு யாரும் தேடிக் கொடுப்பதில்லை.

செயலாளர், 15 ஜூன்

பெயிண்டரைக் கண்டுபிடித்தோம். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். இறங்கி வந்து பொறுமையாகக் கேட்டார். பான் இருக்கிறது. 2019-இல் வண்டிக் கடனுக்காக எடுத்ததாம். நகல் கொடுத்தார். வருமான வரி ரிட்டர்ன் மட்டும் இதுவரை போட்டதே இல்லை.

"அம்மா, நீங்க அப்பவே கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார். உண்மைதான். யாரும் கேட்கவில்லை.

பழைய கணக்கு, 15 ஜூன்

பணம் கொடுத்த நாளிலேயே அவருக்குப் பான் இருந்தது என்பது உங்களுக்கு நல்ல வாதம். ஆனால் சட்டம் "பான் வைத்திருக்க வேண்டும்" என்று சொல்லவில்லை, "கொடுப்பவரிடம் தெரிவிக்க வேண்டும்" என்று சொல்கிறது. அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டால் 20 சதவீதம் என்பார். 1 சதவீதம்தான் என்று கேளுங்கள், ஆனால் கிடைத்துவிடும் என்று உறுப்பினர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். 201-ஆம் பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. நீங்கள் வரி பிடிக்கவில்லை, சரி. ஆனால் பணம் வாங்கியவர் அதைத் தன் வருமானத்தில் காட்டி, ரிட்டர்ன் போட்டு, அதற்கான வரியையும் கட்டியிருந்தால், உங்களைத் தவறியவர் என்று சொல்ல முடியாது. அதற்கு ஆடிட்டர் சான்றிதழ் வேண்டும், 26ஏ படிவம். வரி போய்விடும், வட்டி மட்டும் நிற்கும். அந்த வட்டியும் அவர் ரிட்டர்ன் போட்ட நாள் வரைக்கும்தான், மாதம் 1 சதவீதம்.

செக்யூரிட்டி ஏஜென்சிக்கும் லிஃப்ட் கம்பெனிக்கும் இன்றே கடிதம் எழுதுங்கள். பெயிண்டர் ரிட்டர்ன் போடாததால் அவருக்கு இந்த வழி இல்லை.

ஐந்தாம் தளம், 16 ஜூன்

சுத்தம் செய்பவருக்கும் 26ஏ வாங்கிவிடலாமே? அவர் ரிட்டர்ன் போடுகிறவரா?

செயலாளர், 16 ஜூன்

போடுகிறார். ஆனால் அவருக்கென்று ஆடிட்டர் இல்லை. விசாரித்தேன். புதிதாக ஒருவர் அவர் கணக்கைப் பார்த்துச் சான்றிதழ் தர 4,000 கேட்கிறார். அதுவும் அவருடைய வங்கிப் புத்தகம், ரிட்டர்ன் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்து போடுவேன் என்கிறார். வரியே 5,400. நேரடியாகக் கட்டிவிடுவதே மேல் என்று குழு முடிவு செய்தது.

26ஏ எல்லா இடத்திலும் லாபம் என்று முதலில் நினைத்தேன். 22,080-க்கு அது பெரிய உதவி. 5,400-க்கு அது அலைச்சல்.

செயலாளர், 19 ஜூன்

இன்று நேரில் போய் மூன்று வாரம் அவகாசம் கேட்டு மனு கொடுத்தேன். வெறும் அவகாசம் என்று கேட்காமல், லெட்ஜர் பிரிவினையின் ஒரு பக்கத்தையும் சேர்த்தே கொடுக்கச் சொன்னார் பழைய கணக்கு ஐயா. அது பலித்தது. அதிகாரி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, மின்கட்டண பில்லையும் கொண்டு வாருங்கள் என்றார். ஜூலை 11 வரை நேரம் கிடைத்தது. நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன்.

செயலாளர், 5 ஜூலை

செக்யூரிட்டி ஏஜென்சியின் ஆடிட்டர் ஒரு வாரம் சான்றிதழ் தராமல் வைத்திருந்தார். நான் கடிதத்தில் 13,02,720 என்று எழுதியிருந்தேன். அவர்கள் புத்தகத்தில் நம் சங்கத்திடமிருந்து வந்த வருமானம் 11,04,000. தொகை பொருந்தவில்லை, கையெழுத்து போட முடியாது என்றார். ஜிஎஸ்டி அவர்களுக்கு வருமானம் இல்லையே. தவறு என் கடிதத்தில். திருத்தி அனுப்பியதும் மறுநாளே ஒப்புக்கொண்டார்கள். 26ஏ கேட்பவர்கள் இதைக் கவனியுங்கள், ஜிஎஸ்டி இல்லாத தொகையை எழுதுங்கள்.

ஏஜென்சி 2023 அக்டோபரில் ரிட்டர்ன் போட்டிருக்கிறது. லிஃப்ட் கம்பெனியும் அதே மாதம்தான், அவர்கள் சான்றிதழ் இன்னும் வரவில்லை. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்கிறார்கள்.

மொட்டைமாடி, 5 ஜூலை

மாதத்துக்கு 1,840 தானே பிடித்திருக்க வேண்டும்? அதற்கு வட்டி எப்படிப் போடுவது? மொத்தம் 22,080-க்கு ஒரே கணக்கா?

பழைய கணக்கு, 6 ஜூலை

நல்ல கேள்வி. ஒரே கணக்கு இல்லை. ஒவ்வொரு மாதத்துக்கும் தனி. 2022 ஏப்ரல் பில்லுக்கு ஏப்ரலிலிருந்து 2023 அக்டோபர் வரை 19 மாதம். மே பில்லுக்கு 18. இப்படிக் குறைந்து 2023 மார்ச் பில்லுக்கு 8. மாதத்தில் ஒரு நாள் விழுந்தாலும் முழு மாதம்தான். பன்னிரண்டையும் கூட்டினால் 162 மாதம். 1,840-க்கு 1 சதவீதம் 18 ரூபாய் 40 காசு. 162-ஆல் பெருக்குங்கள், 2,981.

லிஃப்டுக்கு நான்கு தவணை, தலா 1,200 வரி. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி. 19, 16, 13, 10, மொத்தம் 58 மாதம். வட்டி 696.

செயலாளர், 10 ஜூலை

நாளை கொடுக்கப் போகும் பதிலின் சாரம் இது. எங்கள் ஆடிட்டர் ஆங்கிலத்தில் எழுதினார், உறுப்பினர்களுக்காக நான் தமிழில் எழுதினேன்:

"எங்கள் சங்கம் 1975 சட்டத்தின் கீழ் பதிவானது. 194சி பிரிவின்படி வரி பிடிக்கும் கடமை எங்களுக்கு உண்டு என்பதை ஏற்கிறோம். 2022-23-இல் பிடிக்கவில்லை.

நோட்டீஸில் கண்ட 39,85,920 முழுவதும் ஒப்பந்தத் தொகை அல்ல. மின்கட்டணம், டீசல், தண்ணீர், பெயிண்ட் கொள்முதல் ஆகியவை பொருளுக்குக் கொடுத்த விலை. பில்கள் இணைப்பில் உள்ளன. சிறு பழுதுபார்ப்புகள் வரம்புக்குள் இருப்பவை. ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டுள்ளது. இவற்றைக் கழித்தால் பிடித்திருக்க வேண்டிய வரி 35,180 ரூபாய்.

அதில் செக்யூரிட்டி ஏஜென்சிக்கான 22,080-க்கு 26ஏ சான்றிதழ் பெறப்பட்டுள்ளது. லிஃப்ட் நிறுவனத்துக்கான 4,800-க்கு விண்ணப்பித்துள்ளோம், கிடைத்ததும் தருகிறோம். இந்த இரண்டுக்கும் வட்டி கட்டுவோம். மீதி இருவருக்கான 8,300 ரூபாயை, வரி பிடிப்பவருக்கான டான் எண் கிடைத்ததும், வட்டியுடன் நாங்களே கட்டுகிறோம்.

பெயிண்டருக்குப் பணம் கொடுத்த நாளில் அவரிடம் பான் இருந்தது. நகல் இணைப்பில் உள்ளது. 20 சதவீதத்துக்குப் பதில் 1 சதவீதம் என்று கணக்கிட வேண்டுகிறோம். உத்தரவு போடுமுன் நேரில் கேட்க வாய்ப்புத் தர வேண்டுகிறோம்."

பக்கத்துச் சங்கம், 10 ஜூலை

ஏற்கிறோம் என்று எழுதுவது ஆபத்து இல்லையா? அபராதம் போட அதுவே போதுமே.

பழைய கணக்கு, 10 ஜூலை

271சி அபராதம் தனி நடவடிக்கை. 2025 ஏப்ரல் முதல் அதைப் போடுவது மதிப்பீட்டு அதிகாரி. பிடிக்காத வரிக்குச் சமமான தொகை வரை போகலாம். நியாயமான காரணம் இருந்தால் வேண்டாம் என்று விடவும் 273பி-யில் வழி இருக்கிறது. மறுக்க முடியாததை மறுத்துவிட்டு அங்கே போய் நிற்பதைவிட, ஒப்புக்கொண்டு, கட்டிவிட்டு, பெரும்பகுதியை வாங்கியவர்களே வரியாகக் கட்டிவிட்டார்கள் என்று காட்டிவிட்டுப் போய் நிற்பது நல்லது. இது என் அனுபவம். வேறு ஆடிட்டர் வேறு மாதிரி சொல்லலாம்.

செயலாளர், 24 ஜூலை

டான் எண் வந்துவிட்டது. 49பி படிவத்தில் விண்ணப்பித்தோம். இத்தனை வருடம் சங்கத்துக்கு டான் எண்ணே இல்லை என்பது வேதனையாக இருக்கிறது. ஒரு நாள் வேலை அது.

செயலாளர், 22 ஆகஸ்ட்

இன்று 281 சலானில் கட்டினோம். சுத்தம் செய்பவருக்கு 5,400, வட்டி 1,917. மாதம் 450 வரி, இந்த ஆகஸ்ட் வரை எண்ணினால் 426 மாதம். பெயிண்டருக்கு 2,900, வட்டி 988. லிஃப்ட் கம்பெனி சான்றிதழும் ஒருவழியாக வந்தது, அதனால் செக்யூரிட்டிக்கும் லிஃப்டுக்குமான வட்டி 2,981-ம் 696-ம் சேர்த்தாயிற்று. மொத்தம் 14,882 ரூபாய்.

2,02,118 என்று வந்த நோட்டீஸ் 14,882-இல் நிற்கிறது என்று உறுப்பினர் குழுவில் எழுதினேன். ஒரு பெரியவர் என் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

பழைய கணக்கு, 23 ஆகஸ்ட்

சந்தோஷம். ஆனால் 14,882-இல் நிற்காது, மேடம். முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். கட்டிய 8,300 அவர்கள் இருவர் பெயரிலும் ஏற வேண்டும் என்றால் நான்கு காலாண்டுக்கும், யாருக்கு எவ்வளவு வரி பிடித்தோம் என்று காட்டும் 26க்யூ அறிக்கை போட வேண்டும். தாமதத்துக்கு 234இ-யின்படி நாளுக்கு 200 ரூபாய். ஆனால் அறிக்கையில் உள்ள வரித் தொகைக்கு மேல் போகாது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் அந்த உச்சவரம்பை எப்போதோ தொட்டுவிட்டது. ஆக இன்னும் 8,300 எடுத்து வையுங்கள்.

செயலாளர், 23 ஆகஸ்ட்

அப்படியென்றால் 23,182. நேற்று எழுதியதைத் திருத்தி உறுப்பினர் குழுவில் இன்றே போட்டுவிட்டேன். பிறகு தெரிந்து கேட்பதைவிட இப்போதே சொல்வது நல்லது. ஐயா, வருத்தப்பட வேண்டாம். நீங்கள் இல்லாவிட்டால் எங்களுக்கு வருமானமே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

ஐந்தாம் தளம், 24 ஆகஸ்ட்

2023-24, 2024-25 என்ன ஆகும்? அந்த ஆண்டுகளிலும் பிடிக்கவில்லைதானே? நோட்டீஸ் வராதவரை சும்மா இருந்துவிடலாமா?

பழைய கணக்கு, 24 ஆகஸ்ட்

பணம் கொடுத்த நிதியாண்டு முடிந்து ஆறு ஆண்டு வரை உத்தரவு போடலாம். காத்திருந்தால் வட்டி ஏறும். 2024-25-க்கு வாங்கியவர்கள் இப்போதுதான் ரிட்டர்ன் போடுகிறார்கள். அவர்கள் போட்டவுடன் அந்த வட்டி ஓடுவது நின்றுவிடும். 26ஏ-யை இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

செயலாளர், 30 ஆகஸ்ட்

குழுவில் இதைப் பேசினோம். இரண்டு பேர் நாமாகவே போய்க் கட்டலாம் என்கிறார்கள், இரண்டு பேர் இந்த உத்தரவு வரட்டும் என்கிறார்கள். நான் கட்டலாம் என்ற பக்கம். சுத்தம் செய்பவரின் கணக்கை மட்டும் முதலில் முடிப்போம் என்று சமாதானம் ஆனது. மற்றது பொதுக்குழுவுக்குப் போகிறது.

செயலாளர், 18 செப்டம்பர்

நேற்று நேர் விசாரணை. மின்கட்டணம், டீசல், தண்ணீர், பெயிண்ட் எல்லாம் கழிவு என்று ஒப்புக்கொண்டார். 26ஏ இரண்டையும் ஏற்றார். பெயிண்டர் விஷயத்தில் மட்டும், "பான் நகல் இப்போது வாங்கியது, அப்போது உங்கள் கோப்பில் இல்லையே" என்றார். எழுத்தில் ஒரு விளக்கம் கேட்டிருக்கிறார். பெயிண்டரே ஒரு கடிதம் தருவதாகச் சொன்னார். உத்தரவு இன்னும் வரவில்லை. 58,000-ஆ 2,900-ஆ என்பது அதில்தான் தெரியும்.

பக்கத்துச் சங்கம், 18 செப்டம்பர்

இந்த மாதம் முதல் பிடிக்க ஆரம்பித்துவிட்டீர்களா? ஏஜென்சி ஒத்துக்கொண்டதா?

செயலாளர், 7 அக்டோபர்

ஆரம்பித்துவிட்டோம். ஆகஸ்ட் பில் 98,000, அதில் 1,960 பிடித்துக்கொண்டு மீதியை ஜிஎஸ்டியோடு கொடுத்தோம். செக்யூரிட்டி சூப்பர்வைசர் மேலே வந்து, காவலர்களின் சம்பளத்தில் கை வைக்கிறீர்களா என்று கவலையோடு கேட்டார். இல்லை, இது உங்கள் முதலாளியின் வரிக்கணக்கில் போய்ச் சேரும், ரிட்டர்ன் போடும்போது அவர் கழித்துக்கொள்வார் என்று சொல்லிக் கணக்கைக் காட்டினேன். செப்டம்பரில் பிடித்ததைக் கட்ட இன்றுதான் கடைசி நாள். காலையிலேயே கட்டிவிட்டு, சலானை 2025-26 கோப்பில் வைத்திருக்கிறேன். பெயிண்டரின் கடிதம் நேற்று வந்தது, நாளை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.